அசிஸ்ட், ரீபவுண்ட் ப்ராப்: சராசரியிலிருந்து இன்றைய ஆட்டத்தின் எண்ணுக்கு

கேள்வி: டொரோண்டோவில் இருக்கிறேன். என்பிஏ ஆட்டங்களில் அசிஸ்ட், ரீபவுண்ட் ஓவர்/அண்டர் பார்க்கிறேன். சீசன் சராசரி, கடைசி ஐந்து ஆட்டம் இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்கிறேன். ஆடும் நிமிடம், அணியில் அவருடைய பங்கு, எதிரணியின் வேகம் இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்கிறார்கள். எப்படிப் போடுவது? எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது?

பதில்:

எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிமிடம் முதலிடம், பங்கு அதற்கு அடுத்து, எதிரணியின் வேகம் இவற்றுக்கு வெகு பின்னால். இணையத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. "இன்றைக்கு வேகமான அணியோடு மோதுகிறார்கள், ஓவர் போடு" என்பது காதில் விழுகிற அளவுக்கு, "இன்றைக்கு இவர் எத்தனை நிமிடம் ஆடுவார்?" என்ற கேள்வி விழுவதில்லை.

சீசன் சராசரி என்பது மூன்று விஷயங்கள் கலந்த ஒரே எண். எத்தனை நிமிடம் ஆடினார், நிமிடத்துக்கு எவ்வளவு எடுத்தார், அந்த எடுப்பு எந்தச் சூழலில் நடந்தது. இதைப் பிரித்து வைத்தால்தான் இன்றைக்கு எது மாறுகிறது என்று தெரியும்.

டைரீஸ் ஹாலிபர்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24 சீசனில் இந்தியானா பேசர்ஸுக்காக ஆட்டத்துக்கு 10.9 அசிஸ்ட், 32.2 நிமிடம். அந்த ஜனவரியில் தொடைப் பின்தசையில் காயம். திரும்பி வந்தபோது அணி அவருக்கு நிமிடக் கட்டுப்பாடு வைத்திருந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.34 அசிஸ்ட் என்ற அவருடைய வீதம் அப்படியே இருக்கிறது என்று வைத்தாலும், 22 நிமிடம் ஆடினால் எதிர்பார்ப்பு ஏழரைதான். எதிரணி எவ்வளவு வேகமாக ஆடினாலும் அந்த மூன்றரை அசிஸ்டைத் திருப்பித் தர முடியாது.

அதனால் முதல் வேலை நிமிடத்தைக் கணிப்பது. சராசரி நிமிடத்தை எடுக்காதீர்கள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை வரிசையாகப் பார்த்து, விசித்திரமானவற்றைத் தனியே ஒதுக்குங்கள். மூன்றாம் குவார்ட்டரிலேயே முடிவு தெரிந்துபோன ஆட்டங்கள், ஆறு ஃபவுலில் வெளியேறிய ஆட்டங்கள், ஓவர்டைம் போனவை. மிச்சம் இருப்பதுதான் பயிற்சியாளர் அவருக்குக் கொடுக்க நினைக்கும் நிமிடம். பிறகு இன்றைய நிலவரத்தைச் சேருங்கள். காயப் பட்டியலை அணிகள் வழக்கமாக முந்தைய நாள் மாலை 5 மணிக்குள் தர வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் இருந்தால் இரண்டாவது ஆட்டத்துக்கான பட்டியல் அன்று மதியம் வரும். தொடங்கப்போகும் ஐவர் யார் என்பது ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்புதான் உறுதியாகும். லைன்கள் பெரிதாக நகர்வதும் இந்த இரண்டு நேரங்களையொட்டித்தான்.

ஸ்பிரெட் 12, 13 புள்ளி என்று இருந்தால் முக்கிய ஆட்டக்காரர்கள் நான்காம் குவார்ட்டரில் பெஞ்சில் உட்காரும் வாய்ப்பு கூடுகிறது. சென்டர்களுக்கு ஃபவுல் ஆபத்து வேறு. ஓவர்டைம் எதிர்ப்பக்கம் உதவும், ப்ராப் கணக்கில் அதுவும் சேரும், ஆனால் அது ஏறத்தாழ இருபது ஆட்டத்துக்கு ஒன்றுதான். மொத்தத்தில் நிமிடம் எதிர்பாராமல் குறைவதற்கு இருக்கும் வழிகள், கூடுவதற்கு இருப்பதைவிட அதிகம்.

உங்கள் ஊர் அணியிலேயே இதற்கு ஒரு கசப்பான சாட்சி உண்டு. ராப்டர்ஸின் ஜான்டே போர்ட்டர் 2024 ஜனவரி 26 அன்று சுமார் நான்கு நிமிடமும், மார்ச் 20 அன்று சுமார் மூன்று நிமிடமும் ஆடிவிட்டு, முதல் நாள் கண் காயம் என்றும், அடுத்த முறை உடம்பு சரியில்லை என்றும் சொல்லி வெளியேறினார். இரண்டு நாளும் அவருடைய அண்டர்கள் மேல் வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்திருந்தது. ஏப்ரல் 17 அன்று என்பிஏ அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அடுத்த சீசனிலிருந்து டூ-வே ஒப்பந்தம், 10 நாள் ஒப்பந்தக்காரர்களுக்கு அண்டர் கொடுப்பதை ஸ்போர்ட்ஸ்புக்குகள் நிறுத்தின. மோசடிக்காரர்கள் தேர்ந்தெடுத்த வழியே நிமிடத்தைக் குறைப்பதுதான் என்பதைக் கவனியுங்கள். களத்தில் கால் வைக்காத ஆட்டக்காரர் மேல் போட்ட பந்தயம் பொதுவாக ரத்தாகும்; ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் போனாலும் பந்தயம் செல்லும்.

அடுத்தது பங்கு. நிமிடத்துக்கு எவ்வளவு எடுக்கிறார் என்பது ஆட்டக்காரரின் திறமை மட்டுமில்லை, பக்கத்தில் யார் ஆடுகிறார் என்பதும்தான். ஸ்டீவன் ஆடம்ஸ் 2016-17 சீசனில் ஒக்லஹோமா சிட்டியில் 29.9 நிமிடத்தில் 7.7 ரீபவுண்ட் எடுத்தார். அதே ஆடம்ஸ் 2022-23 சீசனில் மெம்ஃபிஸில் 27 நிமிடத்தில் 11.5 எடுத்தார். நிமிடம் குறைந்தது, ரீபவுண்ட் பாதிக்குப் பாதி கூடியது. ஒக்லஹோமாவில் ஆடம்ஸ் எதிரணி சென்டரை உடம்பால் தடுத்து நிற்பார், பந்தை ரசல் வெஸ்ட்புரூக் ஓடி வந்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பறப்பார். அந்த சீசனில் வெஸ்ட்புரூக் 10.7 ரீபவுண்ட் சராசரி வைத்தது இந்த ஏற்பாட்டின் பலனும்கூட. மெம்ஃபிஸில் அப்படி யாரும் இல்லை. தாக்குதல் பக்க ரீபவுண்டுக்கு அவரையே அணி பெரிதும் நம்பியது.

ஆடம்ஸுக்கு ஆறு வருடத்தில் நடந்த மாற்றம், சிறிய அளவில், ஒரே அணியில் ஒரே வாரத்தில் நடக்கும். இரண்டு உயரக்காரர்களோடு ஆடும் அணியில் ஒருவர் காயப்பட்டால் மற்றவரின் ரீபவுண்ட் பங்கு உயரும். மூன்று புள்ளி எறியும் சென்டர் எதிரே இருந்தால் நம் சென்டர் கூடையை விட்டு வெளியே இழுக்கப்படுவார், அவருடைய தற்காப்பு ரீபவுண்டில் கொஞ்சம் பின்கள ஆட்டக்காரர்களுக்குப் போகும். அசிஸ்டில் இன்னும் நேரடி: பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம் யாருக்கு என்பதே கேள்வி.

அசிஸ்டுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ் கொடுப்பவர் கையில் பாதிதான் இருக்கிறது. வாங்கியவர் கூடையில் போட்டால்தான் அசிஸ்ட். அதனால் என்பிஏ தளத்தின் டிராக்கிங் பக்கத்தில் கிடைக்கும் பொட்டென்ஷியல் அசிஸ்ட் எண்ணைப் பாருங்கள். போட்டிருந்தால் அசிஸ்ட் ஆகியிருக்கும் என்ற பாஸ்கள் எத்தனை என்று அது சொல்லும். ஒருவர் கடைசி ஐந்து ஆட்டத்தில் 9 அசிஸ்ட் வைத்திருக்கிறார், பொட்டென்ஷியல் வழக்கமான 13தான் என்றால், கூட இருப்பவர்கள் ஐந்து நாள் நன்றாக எறிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொட்டென்ஷியலே 13-லிருந்து 17-க்குப் போயிருந்தால் பங்கு மாறியிருக்கிறது. நீங்கள் பார்க்கும் கடைசி ஐந்து ஆட்டச் சராசரி இந்த இரண்டையும் வேறுபடுத்தாது.

சரி, ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, சூழ்நிலை ஒவ்வொரு வாரமும் நடப்பது. ஒரு அணியின் முதல் பாயிண்ட் கார்டுக்குக் காயம், இன்று ஆடவில்லை. அவருடைய மாற்று ஆட்டக்காரர் இன்று தொடக்க ஐவரில். சீசன் முழுக்க அவர் 24 நிமிடம் ஆடி 4.8 அசிஸ்ட் வைத்திருக்கிறார். இன்றைய லைன் 7.5.

சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு 7.5 மிக உயரம். ஒரு படி மேலே போய், நிமிடத்துக்கு 0.20, இன்று 34 நிமிடம் ஆடுவார், 6.8 என்று கணக்கிடுபவரும் அண்டர் பக்கமே போவார். ஆனால் அந்த 24 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் 10 நிமிடம் முதல் கார்டோடு சேர்ந்து ஆடினார். பந்து அவரிடம் இல்லை, நிமிடத்துக்கு 0.13. மற்ற 14 நிமிடம் அவரே அணியை நடத்தினார், நிமிடத்துக்கு 0.25. இன்று எல்லா நிமிடமும் அந்த இரண்டாவது வகைதான்.

அதற்காக 0.25-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்த 14 நிமிடத்தில் பெரும்பகுதி எதிரணியின் பெஞ்ச் ஆட்டக்காரர்களுக்கு எதிராக நடந்தது. இன்று எதிரே தொடக்க ஐவர், நல்ல தடுப்பாளர் ஒருவர் ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டே இருப்பார். துண்டு துண்டாகச் சேர்த்த நிமிடங்கள் என்பதால் அந்த வீதத்தில் தற்செயலும் நிறைய. ஆகவே ஒட்டுமொத்த வீதமான 0.20 பக்கம் கொஞ்சம் இழுத்து 0.23 என்று வைக்கிறேன். எவ்வளவு இழுப்பது என்பதற்குக் கறாரான விதி இல்லை. நிமிடங்கள் சில நூறுக்குள் இருந்தால் நிறைய இழுங்கள், ஆயிரத்தைத் தாண்டினால் கொஞ்சமாக.

நிமிடம்: 24 ஆடிப் பழகியவர் திடீரென்று 36 ஆடுவது அபூர்வம். 32 வைக்கிறேன். 32 × 0.23 = 7.36.

இப்போது வேகம். அவருடைய அணி 48 நிமிடத்துக்கு 98 பொசஷன், எதிரணி 102, லீக் சராசரி 99 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய எதிர்பார்ப்பு 98 + 102 − 99 = 101. இதை லீக் சராசரியோடு ஒப்பிடாதீர்கள், அவருடைய அணியின் வழக்கமான 98-ஓடு ஒப்பிடுங்கள், 0.23 என்ற வீதம் அந்த 98-இல் உருவானது. 101 ÷ 98 = 1.03. இன்னொரு இடத்திலும் பலர் தவறுகிறார்கள். "எதிரணி பாயிண்ட் கார்டுகளுக்கு நிறைய அசிஸ்ட் விட்டுக்கொடுக்கிறது" என்ற பட்டியலை எடுத்து வேகத்தோடு சேர்த்துப் பெருக்குவார்கள். அந்த அணி நிறைய விடுவதற்கு ஒரு காரணமே அதன் வேகம். இரண்டையும் பெருக்கினால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எண்ணியதாகும். பொசஷனுக்கு எவ்வளவு விடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இந்த எதிரணி பிக் அண்ட் ரோலில் ஆளை மாற்றி மாற்றித் தடுப்பது என்று வைப்போம். அப்படித் தடுக்கும்போது தனி ஆளாக எறிவது கூடும், பாஸிலிருந்து வரும் கூடை குறையும். அதற்கு 0.97.

7.36 × 1.03 × 0.97 ≈ 7.35. வேகமும் எதிரணியும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. பெரும்பாலான நாட்களில் இப்படித்தான் முடியும். என்பிஏவில் மிக வேகமான அணிக்கும் மிக மெதுவான அணிக்கும் 2023-24-இல் சுமார் 7 பொசஷன்தான் இடைவெளி. சாதாரண நாளில் வேகம் 2, 3 சதவீதம் நகர்த்தும். ஏழு அசிஸ்டில் அது 0.2.

எதிர்பார்ப்பு 7.35, லைன் 7.5. இதிலிருந்து வாய்ப்புக்குப் போக ஒரு படி உண்டு. பாய்சான் பரவலைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். எக்செலில் இப்படி:

```
=POISSON.DIST(7, 7.35, TRUE)
```

விடை 0.546. அதாவது 7 அல்லது அதற்குக் கீழே முடிய 54.6 சதவீதம். இரண்டு பக்கமும் 1.91 கொடுக்கும் இடத்தில், நட்டமில்லாமல் இருக்க 52.4 சதவீதம் வேண்டும். ஏதோ கொஞ்சம் இடம் இருப்பதுபோல் தெரிகிறது.

இனி நிமிடத்தை மட்டும் அசைத்துப் பாருங்கள். அவர் 34 நிமிடம் ஆடினால் எதிர்பார்ப்பு 7.8, அண்டர் வாய்ப்பு 48 சதவீதம். 30 நிமிடம் ஆடினால் எதிர்பார்ப்பு 6.9, அண்டர் வாய்ப்பு 61 சதவீதம். இரண்டு நிமிடம் கூடினாலே முடிவு புரண்டுவிடுகிறது, இரண்டு நிமிடம் குறைந்தால் அண்டர் நன்றாக வலுக்கிறது. வேகத்தில் நாம் செய்த மொத்தத் திருத்தமும் ஒரே ஒரு நிமிடத்துக்குச் சமம்.

அதனால் ஒரே நிமிட எண்ணை வைத்து முடிக்காமல் நாலைந்து நிலைகளாகப் பிரித்து எடை போடுங்கள். 34-க்கு கால் பங்கு, 32-க்கு 40 சதவீதம், 30-க்கு கால் பங்கு, ஃபவுலோ ஒருதலைப்பட்சமான ஆட்டமோ வந்து 22-இல் நிற்பதற்கு 10 சதவீதம். அந்த 22-இல் அண்டர் வாய்ப்பு 86. எல்லாம் சேர்த்தால் அண்டர் ஏறத்தாழ 58 சதவீதம். 54.6-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தப் பத்து சதவீத விபத்திலிருந்து வருகிறது. சராசரி எண் லைனுக்கு மேலே இருந்தும் அண்டர் அதிகம் நடக்கும் ஆட்டக்காரர்கள் இருப்பதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு: சில பெரிய ஆட்டங்கள் சராசரியை மேலே தூக்கும், நடு ஆட்டம் கீழேயே இருக்கும்.

ரீபவுண்டுக்கும் சட்டகம் இதேதான், ஒரு இடத்தில் மட்டும் வேறு. ரீபவுண்ட் பொசஷனிலிருந்து வருவதில்லை, கூடையில் விழாத எறியிலிருந்து வருகிறது. வேகமாக ஆடி ஐம்பது சதவீதம் போடும் அணி ரீபவுண்டுக்குப் பெரிதாக எதுவும் தராது. மெதுவாக ஆடி மோசமாக எறியும் அணி தரும். அடிக்கடி பந்தை இழக்கும் அணி எறியவே எறிவதில்லை, அதுவும் குறைக்கும். வெளியே போன பந்துகள் அணிக் கணக்கில் எழுதப்படும், எந்த ஆட்டக்காரருக்கும் சேராது.

2023-24-இல் அணிகள் ஆட்டத்துக்கு சராசரி 43.5 ரீபவுண்ட் எடுத்தன, இரு அணிக்கும் 87. களத்தில் இருக்கும்போது 18 சதவீதம் எடுக்கும் சென்டர் 32 நிமிடம் ஆடினால், 87-இல் மூன்றில் இரண்டு பங்கான 58 அவர் முன்னால் வரும், அதில் 10.4 அவருடையது. எதிரணி 88 எறிகிறது, வழக்கமான 47 சதவீதத்துக்குப் பதில் 44 போடுகிறது என்றால் தவறும் எறி 2.6 கூடும். அவர் களத்தில் இருக்கும் நேரத்துக்கும் தற்காப்புப் பங்குக்கும் ஏற்பக் கணக்கிட்டால் அவருக்கு அதில் கிடைப்பது அரை ரீபவுண்டுக்கும் கீழே. நான்கு நிமிடம் குறைந்தால் போவது 1.3. ரீபவுண்டிலும் வரிசை மாறுவதில்லை.

விலை பற்றி ஒரு வார்த்தை. 1.80/2.00 என்று இருந்தால், 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுக்க 55.6, 50 என்று வரும், கூட்டினால் 105.6. ஒவ்வொன்றையும் 105.6-ஆல் வகுத்தால் ஸ்போர்ட்ஸ்புக் உண்மையில் நினைப்பது 52.6/47.4 என்று தெரியும். 100-க்கு மேலே இருப்பது அவர்களுடைய கழிவு. ப்ராப்களில் இந்தக் கழிவு பெரிய சந்தைகளைவிடப் பொதுவாக அதிகம், பந்தய வரம்பும் சிறியது. முதல் கார்டு ஆடவில்லை என்ற செய்தி வந்ததும் மாற்று ஆட்டக்காரரின் அசிஸ்ட் லைன் உடனே நகர்ந்துவிடும். எல்லோரும் பார்ப்பது அதைத்தான். மேலே போட்ட கணக்கில் லைன் 7.5 என்று வந்ததே அதனால்தான். இரண்டாம் நிலை விளைவுகள் மெதுவாக நகரும். ரீபவுண்டுக்கு நன்றாக இறங்கி வரும் கார்டு ஆடாதபோது அந்த ஐந்தாறு ரீபவுண்ட் யாருக்குப் போகும்? ஹை போஸ்டிலிருந்து பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டருக்கு இன்று எத்தனை பாஸ் கூடும்? 2023-24-இல் 8.2 அசிஸ்ட் வைத்த சபோனிஸ் போன்றவர்கள் இருக்கும் அணிகளில் இது கணிசமான கேள்வி. நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

நீங்கள் ஒன்டாரியோவில் இருப்பதால் உரிமம் பெற்ற தளங்கள் சட்டப்படி உள்ளன. இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்கள், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் தடை செய்திருப்பதை மனத்தில் வைக்க வேண்டும். இந்தக் கணக்கு ஆட்டத்தைப் புரிந்துகொள்ள உதவும். அங்கிருந்து பணம் கட்டுவதற்கு இல்லை.

கடைசியாக, கணக்கு எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை. வென்றது தோற்றது என்று மட்டும் எழுதிவைத்தால் அதிலிருந்து நூறு ஆட்டம் ஆனாலும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு எண் எழுதுங்கள்: கணித்த நிமிடம், ஆடிய நிமிடம், கணித்த வீதம், வந்த வீதம். கூடவே நீங்கள் பார்த்த லைன், ஆட்டம் தொடங்கும்போது இருந்த லைன். ஐம்பது அறுபது ஆட்டம் சேர்ந்ததும் பிரித்துப் பாருங்கள். நிமிடக் கணிப்பு சராசரியாக நாலு, ஐந்து நிமிடம் தள்ளி இருந்தால் வீதத்தைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நிமிடம் சரியாக இருந்து வீதம் எப்போதும் ஒரே பக்கம் தவறினால், மாற்று ஆட்டக்காரர்களின் வீதத்தைப் போதுமான அளவு இழுக்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் சரி, ஆனால் ஆட்டம் தொடங்குவதற்குள் லைன் திரும்பத் திரும்ப உங்களுக்கு எதிராகவே நகர்ந்திருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைக்காத ஒரு செய்தி சந்தைக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் காயப் பட்டியல்தான்.